கேட்டால்தான் சொல்லும் நோயாளி

எங்கள் மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கான இன்டர்னல் தேர்வில் அடுத்தடுத்து வந்த இரண்டு பேரை இன்னும் மறக்க முடியவில்லை. முதலில் வந்தவர் உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொன்னார், தன் பெயரைச் சொன்னார், நோயாளியின் பெயரைக் கேட்டார், "உங்களுக்கு ட்யூபர்குலோசிஸ் இருக்கு, இது மைக்கோபாக்டீரியம்னு ஒரு கிருமியால வருது" என்று ஆரம்பித்து ஆறு மாத மருந்து, பக்க விளைவுகள், சத்துணவு, முகக்கவசம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். நோயாளியாக நடித்த அக்கா நடுவில் ஒருமுறை வாயைத் திறந்தார். மாணவர் கையைக் காட்டி, "இருங்க, முடிச்சிடறேன்" என்றார். அவருக்கு 22க்கு 20.

அடுத்து வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சளி டெஸ்ட் எதுக்கு எடுத்தோம்னு யாராவது சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார். டி.பி. என்று சொன்னதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மாணவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அக்காவே, "குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு இருக்கேன் டாக்டர், கொடுக்கலாமா?" என்று கேட்டார். மாணவர் அதற்குச் சரியான பதிலை நிதானமாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பக்க விளைவு, சத்துணவு, அடுத்த தேதி எதையும் சொல்லவில்லை. 22க்கு 12.

மதிப்பெண் போட்டது நான். செக்லிஸ்ட்டில் இருந்தபடிதான் போட்டேன். அந்தத் தாளை எழுதியதும் நான்தான். அன்று மாலை இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, என் சொந்தக்காரர் யாருக்காவது டி.பி. வந்தால் இந்த இருவரில் யாரிடம் அனுப்புவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாள் அதற்கு நேர்மாறாகச் சொன்னது.

இந்தத் தேர்வு முறைக்கு ஓஸ்கி என்று பெயர். அதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய முறையில் ஒரு மாணவருக்கு எளிதான கேஸ் கிடைக்கும், இன்னொருவருக்குக் கஷ்டமானது கிடைக்கும், ஒரு எக்ஸாமினர் தாராளமாக இருப்பார், இன்னொருவர் கறாராக இருப்பார். இதைச் சரிசெய்ய, ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் ஒரு முறையை எழுதினார். மாணவர்கள் மணி அடிக்க அடிக்க ஸ்டேஷன் மாறிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே தாள். நோயாளிக்குப் பதில் பயிற்சி பெற்ற ஒருவரை உட்கார வைப்பது அதற்கும் முந்தையது. 1963-லேயே லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அதைச் செய்துவிட்டார். நம் நாட்டில் 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து ஏட்காம் என்ற பெயரில் நோயாளியோடு பேசும் முறையும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. எங்கள் கல்லூரியிலும் பேசும் திறனுக்கென்று ஒரு ஸ்டேஷன் வைக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் வருடம் நான் எழுதிய நடிப்புக் குறிப்பு மொத்தமே நான்கு வரி. "பெயர் செல்வி. வயது 26. பனியன் கம்பெனியில் வேலை. மூன்று வாரமாக இருமல். 8 மாதக் குழந்தை உண்டு. சளிப் பரிசோதனை முடிவு தெரிய வந்திருக்கிறாள். பயத்தில் இருக்கிறாள்." தெருமுனை நாடகம் போடும் குழுவிலிருந்து வந்திருந்த இரண்டு அக்காக்களிடம் இதைக் கொடுத்து, "மீதிய நீங்க பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன். டெங்கு, எய்ட்ஸ் விழிப்புணர்வு நாடகங்களில் பல வருடம் நடித்தவர்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். அதுதான் பிரச்சினை.

பால் கொடுக்கலாமா என்ற கேள்வி என் குறிப்பில் கிடையாது. அந்த அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். "8 மாசக் கொழந்தன்னு எழுதியிருந்தீங்க. எனக்கா இருந்தா அதத்தான் சார் மொதல்ல கேட்பேன்" என்றார். ஆனால் பேச இடம் கொடுத்த மாணவர்களிடம் மட்டும் கேட்டிருக்கிறார், மற்றவர்களிடம் கேட்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த இன்னொரு அக்கா யாரிடமும் கேட்கவே இல்லை. அவர் செல்வியை அழுதுகொண்டே இருக்கும் பெண்ணாக நடித்தார். ஒரே தாள், ஒரே மணி, ஆனால் இரண்டு அறையிலும் இரண்டு வேறு தேர்வு. ஒரு அறையில் மாணவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, மறு அறையில் ஒரு அழுகையைச் சமாளிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்குமே செக்லிஸ்ட்டில் ஒரு கோடுகூட இல்லை.

அடுத்த வருடம் மூன்று தாள்களையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மாணவர் கதவில் படிக்கும் தாள், நடிப்பவர் கையில் இருக்கும் தாள், எக்ஸாமினர் மதிப்பெண் போடும் தாள். முன்பு மூன்றையும் தனித்தனியாக, வேறு வேறு நாளில் எழுதியிருந்தேன். இந்த முறை ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினேன்: செல்வி எதைக் கேட்காமல் வைத்திருக்கிறாள்? அக்கா தானாகக் கண்டுபிடித்த அந்தப் பால் கேள்வியையே நடுவில் வைத்தேன். அதற்கு மருத்துவ ரீதியாகத் தெளிவான பதில் உண்டு. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மருந்து பாலில் மிகக் கொஞ்சமே போகும், குழந்தையைப் பாதிக்காது. பால் கொடுக்கும்போது அம்மா முகக்கவசம் போட வேண்டும். குழந்தையை உடனே அழைத்து வந்து பார்க்க வேண்டும், நோய் இல்லையென்றால் வராமல் தடுக்க மருந்து கொடுப்போம். இறுதியாண்டு மாணவருக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தப் பயம் அங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கதவில் ஒட்டும் தாளைச் சின்னதாக வைத்தேன். "செல்வி, 26 வயது, புறநோயாளி. சளிப் பரிசோதனையில் நுரையீரல் காசநோய் உறுதியாகியுள்ளது, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகை. முடிவை அவருக்குத் தெரிவித்து, அடுத்து செய்ய வேண்டியதை விளக்கி, அவரது கவலைகளுக்குப் பதில் சொல்லவும். உடல் பரிசோதனை வேண்டாம். நேரம் 7 நிமிடம்." குழந்தையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் போடவில்லை. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகை என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன். ஒத்திகைக்கு வந்த ஹவுஸ் சர்ஜன் ஒருவர் ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. பற்றி இரண்டு நிமிடம் வகுப்பெடுத்துவிட்டார். தாளில் ஒரு ஓட்டை இருந்தால் மாணவர்கள் அதன் வழியாகத்தான் ஓடுவார்கள்.

நடிப்புக் குறிப்பு இரண்டு பக்கமாக வளர்ந்தது. அதில் பாதி செல்வியின் வாழ்க்கை: கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். மாமியார் கூடவே இருக்கிறார். குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது அவர்தான். செல்வியின் ஊரில் ஒரு தாத்தா டி.பி.யில் செத்துப்போனார், அவருக்குத் தனித் தட்டு வைத்திருந்தார்கள். மாணவர் எந்தப் பக்கம் கேட்டாலும் பதில் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்காக இதெல்லாம். மீதிப் பாதிதான் முக்கியம். எப்போது எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது. அதிலிருந்து கொஞ்சம் அப்படியே தருகிறேன்.

முதல் வரி, மாற்றாமல் சொல்லவும்: "சளி டெஸ்ட்டு ரிசல்ட் வந்திருச்சுன்னு சொன்னாங்க டாக்டர். பெருசா ஒண்ணுமில்லல்ல?"

மாணவர் டி.பி. என்றோ காசநோய் என்றோ சொன்னால்: தலையைக் குனிந்து, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் இருக்கவும். அழ வேண்டாம்.

மாணவர் "பாசிடிவ்" என்று மட்டும் சொன்னால்: திடுக்கிட்டு, "பாசிடிவ்வா? எய்ட்ஸா டாக்டர்?" என்று கேட்கவும்.

மாணவர் "புரியுதா?", "ஓகேவா?" என்று கேட்டால்: "ம்ம்" என்று தலையாட்டவும். புரியாவிட்டாலும் தலையாட்டவும்.

மாணவர் "நான் சொன்னத நீங்க ஒருவாட்டி சொல்லுங்க" என்ற மாதிரி கேட்டால்: "தினமும் மாத்திர போடணும், இருமல் நின்னதும் நிறுத்திரலாம்" என்று சொல்லவும்.

இதில் "பாசிடிவ்" வரி ஒரு ஒத்திகையில் கிடைத்தது. நாங்கள் வார்டில் நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை அது. ஆனால் ஊரில் அந்த வார்த்தை தனியாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு மாணவர், "உங்க ஸ்பூட்டம் பாசிடிவ்வா வந்திருக்கு" என்று சொன்னதும் நடித்த அக்காவின் முகம் நிஜமாகவே மாறியது. வெளியே வந்து, "எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் சார் தோணுச்சு" என்றார். அன்றே குறிப்பில் சேர்த்தேன். அதேபோல, தலையாட்டும் வரியும் நிஜ ஓ.பி.யிலிருந்து எடுத்ததுதான். "புரிஞ்சுதா" என்று டாக்டர் கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. கேட்பவர் மனம் நோகும் என்று தலையாட்டிவிடுவார்கள், வெளியே வந்து நர்ஸம்மாவிடம் கேட்பார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரியும். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது டி.பி. சிகிச்சையில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து என்று தினமும் போட வேண்டும். ஆனால் சில வாரங்களிலேயே இருமல் குறைந்து உடம்பு தேறிவிடும். அதனால்தான் அந்தத் தவறான பதிலையே செல்வியின் வாயில் வைத்தேன். மாணவர் அதைப் பிடித்துத் திருத்தினால் அவருக்கு மதிப்பெண்.

பால் கேள்விக்கு மூன்று படி வைத்தேன். மாணவர், "வேற ஏதாவது மனசுல இருக்காம்மா?" என்றோ, "எது ரொம்பக் கவலையா இருக்கு?" என்றோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தால், செல்வி உடனே சொல்லிவிட வேண்டும். நான்காவது நிமிடம்வரை கேட்காவிட்டால் ஒரு துப்பு கொடுக்க வேண்டும்: "வீட்ல கைக்குழந்தை வேற இருக்கு டாக்டர்..." என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். அதையும் மாணவர் பிடிக்காவிட்டால் ஆறாவது நிமிடத்தில் நேராகவே, "தாய்ப்பால் கொடுக்கலாமா?" என்று கேட்க வேண்டும். மாணவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், நடிப்பவருக்கு மட்டும் தெரியும்படி கடிகாரம் மாட்டினோம்.

இப்படிப் படி வைத்ததற்குக் காரணம் உண்டு. முதலில் துப்பே இல்லாமல்தான் எழுதியிருந்தேன். கேட்டால் சொல்லு, இல்லாவிட்டால் சொல்லாதே என்று. உடன் பணிபுரியும் மேடம் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "கேட்கலைன்னா அந்தப் பையனுக்கு ரெண்டு எடத்துல மார்க் போகுது, கவனிச்சீங்களா?" என்றார். உண்மைதான். கேட்காததற்கு ஒரு சுழியம், கேட்காததால் பதில் சொல்ல வாய்ப்பே வராமல் போனதற்கு இன்னொரு சுழியம். ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை. மூன்று படி வைத்தபின் இரண்டும் பிரிந்துவிட்டன. தானாகக் கேட்டால் கண்டுபிடித்ததற்கு 2, துப்பைப் பிடித்தால் 1, இரண்டும் இல்லையென்றால் 0. ஆனால் பால் பற்றிய பதிலுக்கான மதிப்பெண் எல்லோருக்கும் கடைசி நிமிடம்வரை திறந்தே இருக்கும்.

மதிப்பெண் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய தாளில் 22 வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், செய்தார் அல்லது செய்யவில்லை. "மருந்தின் கால அளவையும் பக்க விளைவுகளையும் விளக்கினார்" என்று ஒரு வரி. கால அளவைச் சொல்லி பக்க விளைவை விட்டவருக்கு என்ன போடுவது? நான் சுழியம் போட்டேன், பக்கத்து அறை எக்ஸாமினர் ஒன்று போட்டார். "பரிவோடு பேசினார்" என்று இன்னொரு வரி. அதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தம் எடுத்துக்கொண்டோம். குரலைத் தாழ்த்திப் பேசிய எல்லோருக்கும் நான் போட்டுவிட்டேன். 22 வரி இருந்தால் 7 நிமிடத்தில் 22 விஷயத்தைச் சொன்னவர்தான் ஜெயிப்பார். முதலில் வந்த மாணவர் ஜெயித்தது அப்படித்தான். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. நான் எதற்கு மதிப்பெண் வைத்தேனோ அதைச் செய்தார்.

புதிய தாளில் பத்தே வரி, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே என்ன பார்த்தால் அதைப் போட வேண்டும் என்று எழுதினேன். பரிவு என்ற வார்த்தையையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதில்: "நோயின் பெயரைச் சொன்னபின் நிறுத்தி, நோயாளி பேசும்வரை காத்திருந்தார், அல்லது அவர் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்: 2. நிறுத்தினார், ஆனால் ஐந்து எண்ணுவதற்குள் அடுத்த தகவலுக்குப் போய்விட்டார்: 1. நிறுத்தவே இல்லை: 0." செல்வி ஐந்து எண்ணும்வரை பேசமாட்டாள் என்பது நடிப்புக் குறிப்பில் இருப்பதால்தான் இந்த வரியை அளக்க முடிகிறது. இரண்டு தாளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு எழுதப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான். நடிப்புக் குறிப்பில் ஒரு தூண்டுதல் இருந்தால் மதிப்பெண் தாளில் அதற்கு ஒரு வரி இருக்க வேண்டும். மதிப்பெண் தாளில் ஒரு வரி இருந்தால், அதைச் செய்ய மாணவருக்கு நடிப்பவர் வாய்ப்புக் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். தேர்வுக்கு முன் இரண்டையும் மேசையில் விரித்து, ஒரு பென்சிலால் வரிக்கு வரி கோடு இழுத்துச் சேர்த்துப் பார்த்தேன். கோடு சேராத இரண்டு வரிகளை அடித்தேன்.

முதல் வரியில் பெயர் கேட்பதோடு, மரியாதையாக விளிப்பதையும் சேர்த்தேன். 26 வயதுப் பெண் என்று தாளில் படித்ததும் "என்னம்மா, என்ன வேலை பாக்குற?" என்று ஆரம்பித்த மாணவர்கள் இருந்தார்கள். அதே மாணவர், பக்கத்து ஸ்டேஷனில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியராக நடித்தவரிடம் "வாங்க சார், உட்காருங்க" என்கிறார். அவருக்கே தெரியாமல் நடக்கிற விஷயம் அது. எழுதிக் காட்டினால்தான் கண்ணில் படுகிறது.

தகவல் பற்றிய வரிகளில் மாணவர் சொல்ல வேண்டியவற்றைக் குறைத்தேன். பக்க விளைவில் இரண்டே இரண்டு: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காமல் வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வர வேண்டும். பழைய தாளில் அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துத் தொகை மாதம் 500 ரூபாய் என்று ஒரு வரி இருந்தது. அது 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகிவிட்டது. சரியாகச் சொன்ன மாணவருக்குப் பழைய தாளை வைத்துக்கொண்டு சுழியம் போடும் நிலை வந்திருக்கும். அந்த வரியையே எடுத்துவிட்டேன். தகவல் வரிகளை வருடாவருடம் யாராவது ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

தாளின் அடியில் தனியாக ஒரு கட்டம்: ஆபத்தான அறிவுரை. "பாலை நிறுத்திடுங்க" என்றோ, "இருமல் நின்னா மாத்திரைய நிறுத்தலாம்" என்றோ மாணவர் சொன்னால் எக்ஸாமினர் அங்கே டிக் போட்டு, சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். மற்ற வரிகளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அவரைத் தனியாக அழைத்துப் பேசுவோம். கூட்டலில் அது கரைந்துபோகக் கூடாது.

நடிப்பவர் கையிலும் 4 மதிப்பெண் கொடுத்தேன். இரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. "நான் சொன்னதை இவர் காதில் வாங்கினாரா?" "மறுபடி இவரிடமே வருவேனா?" இதில் துறைக்குள் எதிர்ப்பு இருந்தது. மருத்துவம் படிக்காதவர் எப்படி மதிப்பெண் போடுவது என்றார்கள். மருந்தைப் பற்றி அவர் போடவில்லை, தன்னிடம் எப்படிப் பேசினார்கள் என்பதைப் பற்றித்தான் போடுகிறார். அதை அவரைவிட நன்றாக அறையில் யாருக்குத் தெரியும்? எக்ஸாமினர் மூலையில் உட்கார்ந்து மாணவரின் முதுகைப் பார்க்கிறார். கண்ணைப் பார்ப்பது செல்வி.

ஆக மொத்தம் 24. இதற்கு வெளியே, எக்ஸாமினர் மொத்தத்தையும் பார்த்து ஒரு வார்த்தை எழுத வேண்டும்: தேறவில்லை, எல்லைக்கோடு, தேறினார், நன்று. இதைக் கூட்டலில் சேர்ப்பதில்லை. எல்லைக்கோடு என்று எழுதப்பட்டவர்கள் 24க்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று சராசரி எடுத்தால், இந்த ஸ்டேஷனுக்கு நியாயமான தேர்ச்சிக் கோடு எங்கே என்று தெரிந்துவிடும். 58 மாணவர்களில் 13 பேர் எல்லைக்கோடு, அவர்கள் சராசரி 13-ஐ ஒட்டி வந்தது. பல்கலைக்கழக விதிப்படி பாதி வாங்கினாலே தேர்ச்சி என்பதால் அதிகாரபூர்வமாக 12-ல்தான் நின்றோம். ஆனால் யாரை மறுபயிற்சிக்கு அழைப்பது என்று முடிவு செய்ய 13-ஐ வைத்துக்கொண்டோம்.

நடிகர்கள் விஷயத்தில் நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் வருடம் நான்கு அக்காக்களை அழைத்திருந்தோம். ஒரே ஆள் 29 முறை செல்வியாக இருந்தால் என்ன ஆகும் என்று முதல் வருடமே பார்த்துவிட்டோம். முதல் ஒத்திகையில் ஒரு அக்கா, மாணவர் டி.பி. என்று சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னால் போனேன். வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய தம்பி அந்த நோயில்தான் போயிருக்கிறார், அதிக நாள் ஆகவில்லை. "நடிப்புதானேன்னு நெனச்சேன் சார்" என்றார். கேட்டிருக்க வேண்டியவன் நான். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருக்கிறதா, இந்தப் பாத்திரம் மனதை ஏதாவது செய்யுமா என்று ஒரே ஒரு கேள்வி, குறிப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், தனியாக வைத்துக் கேட்டிருந்தால் போதும். அவரை ரத்த அழுத்த ஸ்டேஷனுக்கு மாற்றினோம். அதற்கு அப்புறம் எந்த ஸ்டேஷனுக்கும் ஆள் எடுக்கும்போது அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. தேர்வு முடிந்ததும் நடித்தவர்களோடு கால் மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்து, அவர்களுடைய சொந்தப் பெயர் சொல்லிப் பேசி அனுப்புவதும் அதிலிருந்து வந்த பழக்கம்தான்.

மீதி மூன்று பேரும் இரண்டு அரை நாள் பயிற்சி எடுத்தார்கள். முதல் அரை நாள் குறிப்பைச் சேர்ந்து படிப்பது. இரண்டாவது அரை நாள் ஹவுஸ் சர்ஜன்களை மாணவர்களாக வைத்து ஒத்திகை. ஒருவர் நடிக்க மற்ற இருவரும் பார்த்து, "துப்ப மூணாவது நிமிஷத்துலயே குடுத்துட்டீங்கக்கா", "அஞ்சு எண்ணல, மூணுதான் எண்ணுனீங்க" என்று அவர்களே ஒருவரையொருவர் திருத்தினார்கள். நான் திருத்தியதைவிட அது நன்றாக ஒட்டியது. எக்ஸாமினர்களும் அதே ஒத்திகையில் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்த இடத்தில் பேசி முடிவுக்கு வந்தோம்.

தேர்வு நாள் நன்றாகவே போனது என்று நினைத்தேன். மறுநாள் தாள்களை மாணவர் வந்த வரிசைப்படி அடுக்கிப் பார்த்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். இந்த அடுக்கலை எல்லோரும் செய்ய வேண்டும், பத்து நிமிட வேலைதான். கவலையைத் தானாகக் கண்டுபிடித்ததற்கான வரியில், மூன்று அக்காக்களில் ஒருவரிடம் காலையில் வந்த 9 பேரில் 3 பேர்தான் 2 வாங்கியிருந்தார்கள். டீ இடைவேளைக்கு அப்புறம் வந்த 10 பேரில் 8 பேர். மாணவர்கள் அகரவரிசையில்தான் வந்தார்கள், கெட்டிக்காரர்கள் கடைசியில் வரும் ஏற்பாடு எதுவும் இல்லை. வெளியே போனவர்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்களோ என்றும் பார்த்தோம். அப்படியென்றால் மற்ற இருவரிடமும் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. அந்த அக்காவுக்கு போன் செய்தேன்.

"ஆமா சார்" என்றார் உடனே. "ஒரு பொண்ணு வந்துச்சு. கையெல்லாம் நடுங்குது. எல்லாம் கேக்குது, இத மட்டும் கேக்கத் தெரியல. எம் பொண்ணு வயசு. சும்மா 'வேற என்னம்மா'ன்னுதான் கேட்டுச்சு, நான் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த புள்ளைங்களுக்குச் சொல்லாம இருந்தா தப்பில்லையா?"

"வேற என்னம்மா" என்று கேட்பது கவலையைக் கேட்பதா, பேச்சை முடிப்பதா? குறிப்பில் நான் அதை எழுதவில்லை. இரண்டு உதாரணம் மட்டும் கொடுத்து, "என்ற மாதிரி" என்று விட்டிருந்தேன். அந்த இரண்டு வார்த்தையில்தான் கதவு திறந்திருந்தது. அந்த வரியை 58 பேருக்கும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மீதி 22-ஐ வைத்து முடிவு போட்டோம், தேர்ச்சிக் கோட்டையும் அதற்கேற்ப மறுபடி எடுத்தோம்.

குறிப்பின் மூன்றாவது பதிப்பில் இப்போது எந்தக் கேள்விக்குச் சொல்ல வேண்டும் என்று ஆறு வாக்கியம், எதற்குச் சொல்லக்கூடாது என்று நான்கு வாக்கியம் இருக்கின்றன. "வேற என்னம்மா" என்று கேட்டுவிட்டு எழுந்தாலோ தாளைப் பார்த்தாலோ சொல்ல வேண்டாம், கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் சொல்லலாம். 7 நிமிடம் முடிந்து மணி அடித்ததும் ஒரு நிமிடம் கூடுதலாகச் சேர்த்தோம். அந்த நிமிடத்தில் அக்கா செல்வியை விட்டு வெளியே வந்து மாணவரிடம் பேசலாம். இன்டர்னல் தேர்வு என்பதால் அது முடிந்தது. அடுத்த தேர்வில் அதே அக்கா ஒரு மாணவியிடம் சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்: "கண்ணு, நீ எல்லாம் நல்லாத்தான் சொன்ன. நான் ரெண்டுவாட்டி வாயத் தொறந்தேன், நீ பாக்கல. எனக்கு வீட்ல எட்டு மாசக் கொழந்த இருக்கு."

அந்த மாணவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றார். அப்புறம், "பால் குடிக்குதாக்கா?" என்று கேட்டார்.